ஆறால் வகுத்தால் போதுமா? ஒரு பாத்திரக் குழம்பின் மேக்ரோ கணக்கு

ஆறுபேர் | மார்ச் 4, காலை 9.12

செய்முறையில் "ஆறு பேருக்கு" என்று எழுதியிருந்தால், பாத்திரத்தில் போட்ட எல்லாவற்றின் புரதத்தையும் மாவுச்சத்தையும் கொழுப்பையும் கூட்டி ஆறால் வகுத்துவிட்டால் வேலை முடிந்தது என்பதே என் கருத்து. அதற்கு மேல் தராசை எடுத்துக்கொண்டு அலைவது வீண் வேலை. நேற்று தோல் நீக்கிய எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறி 800 கிராம், ஊறவைத்து வேகவைத்த கொண்டைக்கடலை 575 கிராம், வெங்காயம் 300, தக்காளி 400, எண்ணெய் 60 கிராம் சேர்த்துக் குழம்பு வைத்தேன். செயலி ஒரு பங்குக்கு 643 கலோரி, புரதம் 51, மாவுச்சத்து 68, கொழுப்பு 19 கிராம் என்று காட்டியது. இரண்டு விஷயங்கள் மட்டும் உறுத்துகின்றன. ஒன்று, சாப்பிட்டது அவ்வளவு கனமான உணவாகத் தோன்றவில்லை. மற்றொன்று, கடைசியாகக் கிண்ணத்தை நிரப்பிய என் தம்பி, தனக்கு இரண்டு துண்டுக் கறிதான் கிடைத்தது என்று இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறான்.

நிறைகோல் | மார்ச் 4, காலை 11.40

உங்களை உறுத்தும் இரண்டும் வெவ்வேறு பிழைகள். முதலாவது கூட்டலில் நடந்தது, இரண்டாவது வகுத்தலில் நடந்தது. கூட்டலை முதலில் பார்ப்போம்.

நீங்கள் எடை பார்த்தது வெந்த கடலை. செயலியில் தேர்ந்தெடுத்தது காய்ந்த கடலையின் பதிவு. காய்ந்த கொண்டைக்கடலையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 378 கலோரியும் 63 கிராம் மாவுச்சத்தும் இருக்கின்றன. வெந்த கடலையில் அதே 100 கிராமுக்கு 164 கலோரியும் 27 கிராம் மாவுச்சத்தும்தான், ஏனென்றால் மீதி எடை கடலை குடித்த தண்ணீர். 250 கிராம் காய்ந்த கடலை வெந்து முடிந்தபின் கிட்டத்தட்ட 575 கிராமாக நிற்கும். ஆகவே உங்கள் பாத்திரத்தில் இருந்தது 250 கிராம் கடலையின் சத்துதான். செயலியோ 575 கிராம் காய்ந்த கடலையைப் பாத்திரத்தில் கொட்டியதாக எண்ணிக்கொண்டு, இல்லாத 1,200 கலோரியைச் சேர்த்துவிட்டது.

பதிவின் பெயரில் "காய்ந்தது", "வெந்தது" என்று தெளிவாக இல்லாவிட்டால் கலோரி எண்ணைப் பாருங்கள். பருப்பு, கடலை, அரிசி ஆகியவற்றுக்கு 100 கிராமுக்கு 300-க்கு மேல் காட்டினால் அது காய்ந்த நிலைக்கான எண்.

திருத்திய கூட்டல், முழுப் பாத்திரத்துக்கும் கிராமில், தோராயமாக:

கோழி 800: புரதம் 180, கொழுப்பு 21
கடலை (காய்ந்த எடை 250): புரதம் 51, மாவுச்சத்து 158, கொழுப்பு 15
வெங்காயம் 300: புரதம் 3, மாவுச்சத்து 28
தக்காளி 400: புரதம் 4, மாவுச்சத்து 16, கொழுப்பு 1
எண்ணெய் 60: கொழுப்பு 60

மொத்தம் புரதம் 238, மாவுச்சத்து 202, கொழுப்பு 97. புரதத்தையும் மாவுச்சத்தையும் நான்காலும் கொழுப்பை ஒன்பதாலும் பெருக்கிக் கூட்டினால் 2,633 கலோரி வருகிறது. பொருள்களுக்குத் தனித்தனியே பட்டியலில் உள்ள கலோரிகளைக் கூட்டினாலும் ஏறக்குறைய இதே எண்தான் வருகிறது. இரண்டும் நூறு கலோரிக்கு மேல் விலகினால், எங்கோ தவறான பதிவு நுழைந்திருக்கிறதா என்று தேடத் தொடங்குவது என் பழக்கம்.

ஆறால் வகுத்தால் ஒரு பங்கு 439 கலோரி, 643 அல்ல.

சோம்பேறிச் சமையல் | மார்ச் 4, மதியம் 1.05

கோழியையும் வெந்தபின் எடை பார்ப்பவன் நான். அதில் எனக்கு லாபமா, நட்டமா?

நிறைகோல் | மார்ச் 4, மதியம் 2.20

கோழியில் நடப்பது கடலைக்கு நேர்மாறானது. கடலை தண்ணீரைக் குடிக்கிறது, கறி தண்ணீரை விடுகிறது. 800 கிராம் பச்சைக்கறி வெந்தபின் 600 கிராம் அளவுக்கு இறங்கும், ஆனால் புரதம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அந்த 600-ஐப் பச்சைக்கறிப் பதிவில் போட்டால் 135 கிராம் புரதம் என்று காட்டும். உண்மையில் இருப்பது 180. ஒரே குழம்பில் கடலையை மிகையாகவும் கறியைக் குறைவாகவும் எழுதிவிட்டு, மொத்தக் கலோரி ஓரளவு நம்பும்படி இருக்கிறதே என்று நிம்மதியடைந்தவன் நான். பல மாதங்கள் அப்படித்தான் எழுதினேன். அதனால் எல்லாவற்றையும் அடுப்பில் ஏறும் முன்பே, பச்சையாகவும் காய்ந்ததாகவும் எடை பார்த்துவிடுகிறேன். அதன் பிறகு பாத்திரத்தில் சேரும் தண்ணீர், ஆவியாகிப் போகும் தண்ணீர் எதுவும் மொத்தத்தை மாற்றாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டினாலோ, மேலே மிதக்கும் கொழுப்பை அள்ளி எறிந்தாலோ, சத்தின் ஒரு பகுதி பாத்திரத்தை விட்டு வெளியேறிவிடுகிறது. நெஞ்சுக்கறியில் அது சிறியது. தோலோடு கூடிய கறியில் அப்படிச் சொல்ல முடியாது.

ஆறுபேர் | மார்ச் 4, இரவு 8.31

கடலை விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் கருத்து அப்படியே நிற்கிறது: மொத்தம் சரியாக இருந்தால் ஆறால் வகுப்பது போதும். வீட்டில் ஆறு பேர், ஆளுக்கு ஒரு கிண்ணம், எல்லாக் கிண்ணமும் ஒரே அளவு.

மாலைநடை | மார்ச் 5, காலை 6.50

என் தந்தைக்கு நீரிழிவு. உணவுக்கு முன் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். இந்தக் குழம்பில் அவர் ஒரு வேளைக்கு எத்தனை கிராம் மாவுச்சத்து வரை சாப்பிடலாம்?

நிறைகோல் | மார்ச் 5, காலை 7.45

எத்தனை கிராம் வரை என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இங்கே யாரும் சொல்லக் கூடாது. அவருடைய கிண்ணத்தில் உண்மையில் எத்தனை கிராம் இருக்கிறது என்பது வேறு கேள்வி. சராசரி 34 கிராம் என்று எழுதி வைத்துக்கொண்டால் போதுமா என்றால், எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. இந்த வார இறுதியில் இதே குழம்பை வைத்துக் கரண்டி கரண்டியாக எடை போட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

நிறைகோல் | மார்ச் 8, இரவு 9.15

செய்தேன். பொருள்கள் ஆறுபேர் எழுதிய அதே அளவு. காலிப் பாத்திரத்தின் எடை 1,420 கிராம் என்பதைச் சமைக்கும் முன்பே குறித்துக்கொண்டேன். நிரம்பிய பாத்திரத்தைப் பார்த்தபின் அந்த எடையைக் கண்டுபிடிக்க வழியே இல்லை என்பது பலமுறை பட்டு அறிந்த பாடம். அடுப்பை அணைத்தபின் 3,930 கிராம். ஆகவே குழம்பு 2,510 கிராம், ஆறில் ஒரு பங்கு 418 கிராம்.

முதலில் ஒரு சோதனை. நன்றாகக் கலக்காமல், வழக்கமாகப் பரிமாறுவது போல் மேலிருந்து அள்ளி 400 கிராம் அளவில் ஒரு கிண்ணம் எடுத்தேன். அதிலிருந்த கறித்துண்டுகளைத் தனியே எடை போட்டால் 140 கிராம். மற்ற கிண்ணங்களையும் அப்படியே நிரப்பிக்கொண்டு போனேன். கடைசிக்கு முந்தைய 400 கிராமில் கறி வெறும் 55 கிராம். பெரிய துண்டுகள் கண்ணில் படுகின்றன, கரண்டி தானாகவே அவற்றைத் தேடிப் போகிறது.

சோம்பேறிச் சமையல் | மார்ச் 8, இரவு 9.40

கரண்டி தானாகப் போகவில்லை. நீங்கள்தான் அனுப்பினீர்கள்.

நிறைகோல் | மார்ச் 9, காலை 6.30

நேற்றைய என் பதிவில் ஒரு பிழை இருக்கிறது. இரவு படுத்தபின்தான் உறைத்தது. சோதனை முடிந்ததும் எல்லாவற்றையும் பாத்திரத்தில் திருப்பிக் கொட்டி, 418 கிராம் வீதம் ஆறு கிண்ணங்களை நிரப்பத் தொடங்கினேன். ஐந்து சரியாக வந்தன. ஆறாவதில் ஏறத்தாழ 310 கிராம்தான் விழுந்தது. பாத்திரத்தை வழித்தும் பயனில்லை. கிட்டத்தட்ட 110 கிராம் எங்கே போயிற்று என்று குழம்பிவிட்டு, ஆவியில் போயிருக்கும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு தூங்கப் போனேன். மூடி வைத்த பாத்திரத்திலிருந்து அரை மணி நேரத்தில் 110 கிராம் ஆவியாகாது. எடை பார்த்தபோது கரண்டி உள்ளேயே கிடந்திருக்கிறது. அதை எடை போட்டால் சரியாக 110 கிராம்.

ஆகவே குழம்பு 2,400 கிராம், ஒரு பங்கு 400 கிராம். 100 கிராமுக்குப் புரதம் 9.9, மாவுச்சத்து 8.4, கொழுப்பு 4, கலோரி 110. இந்தப் பிழை மொத்தத்தைத் தொடவில்லை, ஒவ்வொரு கிராமின் மதிப்பைத்தான் நான்கைந்து சதவீதம் குறைத்துக் காட்டியது. கடைசிக் கிண்ணம் நிரம்பாவிட்டாலோ, எல்லோருக்கும் போட்டபின் பாத்திரத்தில் ஒரு பங்கு மிஞ்சினாலோ, பாத்திர எடையில் தவறு இருக்கிறது என்று கொள்ளலாம்.

நிறைகோல் | மார்ச் 9, காலை 8.10

இப்போது ஆறுபேரின் வாதத்துக்கு வருகிறேன். எல்லாக் கிண்ணமும் ஒரே அளவு என்பதை ஏற்றுக்கொள்வோம். வெந்த கறித்துண்டுகள் மொத்தம் 590 கிராம் இருந்தன, மீதி 1,810 கிராம் கடலையும் சாறும். கறியின் 180 கிராம் புரதத்தை அந்த 590-க்கும், மற்றப் பொருள்களின் 58 கிராம் புரதத்தை 1,810-க்கும் பகிர்ந்தால், கறி அதிகம் விழுந்த 400 கிராம் கிண்ணத்தில் புரதம் ஏறத்தாழ 51 கிராம், கறி குறைவாக விழுந்த 400 கிராம் கிண்ணத்தில் 28 கிராம். செயலி இருவருக்கும் 40 என்றே எழுதியிருக்கும். கிண்ண அளவும் எடையும் ஒன்றாகவே இருந்தும் இந்த வேறுபாடு. உங்கள் தம்பியின் புலம்பலில் கணக்கு இருக்கிறது.

மாவுச்சத்து இதற்கு எதிர்த்திசையில் நகர்கிறது. கறியில் மாவுச்சத்து கிடையாது. 202 கிராமும் கடலையிலும் சாற்றிலும்தான் இருக்கிறது. ஆகவே கறி அதிகமுள்ள கிண்ணத்தில் 29 கிராம், கறி குறைவாக உள்ளதில் 38 அல்லது 39 கிராம். மாலைநடை கவனிக்க வேண்டியது இதைத்தான். தந்தைக்குக் கறி பிடிக்காது என்று ஒதுக்கிவிட்டுச் சாறும் கடலையுமாக ஊற்றினால், எண்ணியதைவிட மாவுச்சத்து அதிகமாகவே போய்ச் சேரும்.

இதைச் சரிசெய்ய நான் செய்வது இதுதான்: கறித்துண்டுகளை எல்லாம் தனித்தட்டில் எடுத்து எடை போட்டு ஆளுக்கு 98 கிராம் வைத்துவிட்டு, மிஞ்சியதைக் கலக்கிக் கலக்கி ஆளுக்கு 300 கிராம் ஊற்றுகிறேன். கூடுதலாக ஆகும் நேரம் மூன்று நிமிடம். துண்டுகளே இல்லாத, கலக்கினால் ஒன்றாகிவிடும் உணவு என்றால் இந்த வேலை தேவையில்லை, எடையால் வகுத்தாலே போதும்.

ஆறுபேர் | மார்ச் 9, மதியம் 12.25

தம்பியிடம் இதைக் காட்ட மாட்டேன்.

ஆனால் ஒரு கேள்வி. கறியின் சாறு குழம்பில் இறங்குகிறதே? அந்தப் புரதத்தை நீங்கள் கறிக்கே முழுதும் எழுதிவிட்டீர்கள்.

நிறைகோல் | மார்ச் 9, மாலை 5.50

சரியான இடத்தில் பிடித்தீர்கள். கறியின் புரதத்திலும் கொழுப்பிலும் ஒரு பகுதி சாற்றில் கரையத்தான் செய்கிறது, ஆகவே 51-க்கும் 28-க்கும் உள்ள இடைவெளி உண்மையில் இன்னும் கொஞ்சம் சுருங்கும். எவ்வளவு என்பதைச் சமையலறைத் தராசால் அளக்க முடியாது. பிரித்து எழுதுவது சராசரியைவிட உண்மைக்கு அருகில் இருக்கிறது என்பதைத் தாண்டி அதற்கு நான் எதுவும் உரிமை கோரவில்லை.

மாலைநடை | மார்ச் 10, காலை 7.05

தந்தையின் கிண்ணத்தை இனித் தனியாகவே எடை போடுகிறேன். ஆனால் வேறொரு குழப்பம். நான் பயன்படுத்தும் இரண்டு செயலிகளில் ஒன்று கடலைக்கு அதிக மாவுச்சத்தைக் காட்டுகிறது, மற்றொன்று குறைவாகக் காட்டுகிறது. எதை நம்புவது?

நிறைகோல் | மார்ச் 10, காலை 9.30

ஒன்று நார்ச்சத்தையும் சேர்த்து எழுதுகிறது, மற்றொன்று அதைத் தனியே பிரித்துவிடுகிறது என்றே நினைக்கிறேன். அமெரிக்க உணவு லேபிள்களில் மொத்த மாவுச்சத்துக்குள் நார்ச்சத்தும் அடங்கும். ஐரோப்பிய லேபிள்களில் அது தனி வரியாக, மாவுச்சத்துக்கு வெளியே இருக்கும். நான் மேலே கொடுத்த 63 நார்ச்சத்தும் சேர்ந்த எண். 250 கிராம் கடலையில் நார்ச்சத்து 30 கிராம் வரை வரும், ஆகவே ஒரு பங்குக்கு 5 கிராம் வித்தியாசம். கடலைக்கு ஒரு முறையிலும் மற்றப் பொருள்களுக்கு வேறு முறையிலும் பதிவு எடுத்தால் கூட்டல் இரண்டு முறைக்கும் பொருந்தாமல் போய்விடும். ஒரே முறையில் நில்லுங்கள், அது எந்த முறை என்பதை மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

சோம்பேறிச் சமையல் | மார்ச் 10, இரவு 10.15

நார்ச்சத்தைக் கழித்துத்தான் எழுத வேண்டும் என்பது என் கருத்து. உடம்பு அதை மாவுச்சத்தாக எடுத்துக்கொள்வதில்லையே.

நிறைகோல் | மார்ச் 11, காலை 7.00

முழுதும் அப்படியல்ல. குடலில் உள்ள நுண்ணுயிர்கள் ஒரு பகுதியை நொதிக்கவைத்து, கிராமுக்கு நான்கைவிடக் குறைவாகத்தான் என்றாலும், கொஞ்சம் ஆற்றலைத் தருகின்றன. சர்க்கரை அளவு கருதிக் கழிப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கலோரியையும் சேர்த்துப் பூஜ்யமாக்குவதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

சோம்பேறிச் சமையல் | மார்ச் 11, காலை 11.20

எனக்கு இன்னும் உடன்பாடுதான். அது இருக்கட்டும், எண்ணெயைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆறுபேர் 60 கிராம் என்று எழுதியதைப் பார்த்து, எனக்கு 40 கிராம்தான் ஆகும் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன், ஏனென்றால் மூன்று மேசைக்கரண்டி ஊற்றுகிறேன். இன்று எண்ணெய்ப் புட்டியையே தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, வழக்கம் போல் ஊற்றிவிட்டுத் திருப்பி வைத்தேன். தராசு கழித்தல் 61 காட்டியது. என் கரண்டி வழிந்துகொண்டே இருந்திருக்கிறது.

நிறைகோல் | மார்ச் 11, மதியம் 1.40

20 கிராம் எண்ணெய் என்றால் 180 கலோரி, பங்குக்கு 30. தக்காளியில் 100 கிராம் தவறினாலும் முழுப் பாத்திரத்துக்கும் 18 கலோரிதான் மாறும். எண்ணெயையும் கடலையையும் கறியையும் துல்லியமாக எடை போட்டுவிட்டு, வெங்காயத்தையும் தக்காளியையும் கண்மதிப்பில் எழுதினால்கூடப் பெரிய கேடில்லை. நான் முதலில் இதற்கு நேர்மாறாக, வெங்காயத்தைக் கிராம் கிராமாக நிறுத்துவிட்டு எண்ணெயைக் கையால் ஊற்றியவன்.

ஆறுபேர் | மார்ச் 12, இரவு 8.45

இன்று பாதிக் குழம்பு மிஞ்சியது, 1,200 கிராம். மறுநாளைக்குச் சூடாக்கினால் கெட்டியாகிவிடுமே. அப்போது 100 கிராமுக்கு 110 கலோரி என்ற கணக்கு நிற்குமா?

நிறைகோல் | மார்ச் 12, இரவு 9.30

நிற்காது. குளிர்ச்சியாக இருக்கும்போதே மூன்று 400 கிராம் பங்குகளாகப் பிரித்து வைத்துவிட்டால், பிறகு எவ்வளவு வற்றினாலும் ஒரு பெட்டி ஒரு பங்குதான். மொத்தமாகச் சூடாக்கினால் மறுபடி எடை போட வேண்டும். 1,200 கிராம் 1,080 ஆகச் சுண்டியிருந்தால் உள்ளே இருப்பது அதே 1,317 கலோரி, ஆகவே 100 கிராமுக்கு 122. செயலியில் பழைய எண்ணையே வைத்துக்கொண்டு மறுநாள் 400 கிராம் எடுத்தால், கிண்ணத்துக்குள் ஐம்பது கலோரி சொல்லாமல் ஏறிக்கொள்ளும்.

செயலியில் பங்குகளின் எண்ணிக்கையைக் கேட்கும் இடத்தில் 6 என்று போடாமல், குழம்பின் எடையான 2400 என்று போட்டுவிடுங்கள். ஒரு பங்கு ஒரு கிராம் ஆகிவிடும். பிறகு யார் எத்தனை கிராம் எடுத்தாலும் அந்த எண்ணையே பங்காக எழுதலாம். குழந்தைக்கு 250, உங்களுக்கு 480 என்று போனாலும் ஆறு பேர் என்ற கற்பனை தேவைப்படாது. கறியைத் தனியே பிரிப்பவர்கள் இரண்டு செய்முறைகளாக உள்ளிட வேண்டியிருக்கும் என்பது இதன் சங்கடம். எனக்கே அது சலிப்பூட்டுகிறது, விருந்தினர் வரும் நாளில் செய்வதில்லை.

ஆறுபேர் | மார்ச் 15, இரவு 9.05

தராசு வாங்கிவிட்டேன், என் முதல் பதிவைத் திரும்பப் பெறுகிறேன். கரண்டியை எடுத்துவிட்டு எடை போட்டதில் குழம்பு 2,395 கிராம். ஆறு கிண்ணங்களின் எடையைக் கூட்டினால் 2,360. தம்பிக்குச் சரியாக 98 கிராம் கறி வைத்தேன்; இப்போது கறி வறண்டுவிட்டது என்கிறான். காணாமல் போன 35 கிராம் பாத்திரத்தின் அடியிலும் ஓரத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை எல்லோர் பங்கிலிருந்தும் கழிக்க வேண்டுமா?

சோம்பேறிச் சமையல் | மார்ச் 15, இரவு 9.20

எங்கள் வீட்டில் அதை ரொட்டியால் துடைத்துத் தின்பவன் நான். என் பங்கில் எழுதவே இல்லை இதுவரை.

நிறைகோல் | மார்ச் 15, இரவு 9.50

கழிக்க வேண்டாம், கிண்ணத்தை எடை போட்டுவிட்டதால் கிண்ணத்தில் இல்லாதது யார் கணக்கிலும் ஏறவில்லை. துடைப்பவர் மட்டும் 38 கலோரி எழுதிக்கொள்ளட்டும். ரொட்டி தனி.